பருப்பு இருக்கட்டும், உப்பை அளந்து போடுங்கள்

கேள்வி: மேடம், என் கணவருக்கு வயது 54. எட்டு வருடமாக பிரஷருக்கு டெல்மிசார்டான் மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரை இல்லை. போன மாதம் எடுத்த பரிசோதனையில் கிரியாட்டினின் 1.3, இ.ஜி.எஃப்.ஆர் 65, பொட்டாசியம் 4.4, சிறுநீரில் அல்புமின் விகிதம் 140 என்று வந்தது. சிறுநீரக பாதிப்பின் ஆரம்பம், புரதத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்றார் டாக்டர். பருப்பு, முட்டை, மீன், பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். காய்களை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடுகிறேன். பழம் கிடையாது. ரசம் சாதமும் ஊறுகாய், அப்பளமும்தான் ஓடுகிறது. சாதா உப்பை விட்டு இந்துப்புக்கு மாறிவிட்டோம். மூன்று பேருக்கு மாதம் ஒரு கிலோ ஆகிறது. 71 கிலோ இருந்தவர் 68 ஆகிவிட்டார், வேலை முடிந்து வந்தால் சுருண்டு படுத்துவிடுகிறார். வீட்டில் பார்த்தால் பிரஷர் 146/90 இருக்கிறது. தினமும் என்னதான் சமைப்பது? – வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட தகவல், மாதம் ஒரு கிலோ உப்பு என்று எழுதியிருந்தீர்களே, அதுதான். ஒரு கிலோவை 30 நாளுக்கும் மூன்று பேருக்கும் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 11 கிராம் வருகிறது. ஊறுகாயிலும் அப்பளத்திலும் இருப்பது இதில் சேரவில்லை. உங்கள் கணவர் நிலையில் இருப்பவருக்கு எல்லாம் சேர்த்தே நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஆக, குறைக்க வேண்டியது அப்படியே நிற்கிறது. நிறுத்தியிருக்க வேண்டாதவை எல்லாம் நின்றுவிட்டன. பயத்தில் பல வீடுகளில் இப்படித்தான் ஆகிறது. அதனால் முதலில் உப்பைச் சரிசெய்வோம், பிறகு பருப்பையும் முட்டையையும் திரும்பக் கொண்டுவருவோம்.

ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இ.ஜி.எஃப்.ஆர் 65 என்பது சிறுநீரகம் ஓரளவு நன்றாகவே வடிகட்டுகிறது என்று சொல்கிறது. கவனிக்க வேண்டிய எண் சிறுநீரில் போகும் அல்புமின். அது 30க்குள் இருக்க வேண்டும், இவருக்கு 140. பிரஷர் அதிகமாக இருக்கும்போது சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் அழுத்தம் தாங்காமல் புரதத்தைக் கசிய விடுகின்றன. உப்பு கூடினால் பிரஷரும் கூடும், கசிவும் கூடும். அவர் சாப்பிடும் டெல்மிசார்டான் இந்தக் கசிவைக் குறைப்பதற்கும் கொடுக்கும் மாத்திரைதான், ஆனால் உப்பு அதிகமாகச் சாப்பிடுபவரிடம் அது முழுதாக வேலை செய்யாது. இந்தக் கசிவு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று உறுதி செய்வார்கள். எனவே டாக்டர் சொல்லும் தேதியில் மறுபரிசோதனை செய்துவிடுங்கள்.

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். கல்லுப்பும் அதேதான். நிறமும் சுவையும் கொஞ்சம் மாறும், சிறுநீரகத்துக்கு வித்தியாசம் எதுவும் தெரியாது. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதை வாங்கிவிடாதீர்கள். அதில் பாதி அளவு வரைகூட பொட்டாசியம் குளோரைடு இருக்கும். டெல்மிசார்டான் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும் மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். டாக்டரைக் கேட்காமல் அது வேண்டாம். பழைய தூள் உப்பையே வாங்குங்கள், அளப்பதற்கும் அதுதான் சுலபம்.

அளக்கும் முறை இது. தூள் உப்பைத் தலைதட்டி ஒரு டீஸ்பூன் எடுத்தால் சுமார் 6 கிராம். காலையில் ஒரு சின்ன டப்பாவில் இரண்டு டீஸ்பூன், அதாவது 12 கிராம் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். அன்று மூன்று பேருக்கும், மூன்று வேளைக்கும் அந்த உப்புதான். பெரிய ஜாடியை அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். ஆளுக்கு 4 கிராம் ஆகிறது. மிச்சம் ஒரு கிராம், கணக்கில் வராமல் உணவிலேயே இருக்கும் சோடியத்துக்கு. இட்லி மாவு அரைக்கும் நாளில் அதற்குப் போடுவதை மட்டும் தனியாக அளந்து, அந்த மாவு ஓடும் நாட்களின் டப்பாவிலிருந்து பிரித்துக் கழித்துக்கொள்ளுங்கள். அவருக்கென்று தனிச் சமையல் தேவையில்லை. உங்களுக்கும் வீட்டில் இருக்கும் இன்னொருவருக்கும் இந்த அளவு நல்லதுதான்.

இப்போது தினம் ஐந்தரை டீஸ்பூன் போகிறது. அதை ஒரே நாளில் இரண்டாக்கினால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். முதல் வாரம் நான்கு, அடுத்த வாரம் மூன்று, மூன்றாவது வாரம் இரண்டு என்று இறங்குங்கள். நாக்கு பழக ஒன்று இரண்டு மாதம் ஆகலாம். அதுவரை சப்பென்று இருக்கிறது என்று அவர் சொல்வார், சொல்லட்டும். பழகிய பிறகு ஹோட்டல் சாம்பார் கரிக்கிறது என்று அவரே சொல்வார்.

டப்பாவில் உள்ளதை எங்கே போடுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. சாதத்துக்கு உப்பு வேண்டாம், சப்பாத்தி மாவுக்கும் வேண்டாம். பொரியலுக்குக் காய் வேகும்போது போடாமல், இறக்கும்போது கால் டீஸ்பூன் தூவிப் பிரட்டினால் உப்பு மேலாகவே நிற்கும். குறைவாகப் போட்டது நாக்குக்குத் தெரியாது. சாம்பாரிலும் ரசத்திலும் புளிப்பைக் கொஞ்சம் தூக்கிக் கொடுங்கள். புளி, தக்காளி, எலுமிச்சை, மாங்காய் எதுவானாலும் சரி, புளிப்பு இருக்கும் இடத்தில் உப்புக் குறைவு உறைக்காது. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்ட ரசம் பாதி உப்பிலும் ருசியாகவே இருக்கும். மோருக்கு உப்பே வேண்டாம்; இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, ஒரு சிட்டிகை பெருங்காயம் போதும்.

இட்லி மாவைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உப்பு இருப்பதையே மறந்துவிடுகிறோம். ஒரு கிலோ அரிசிக்கும் கால் கிலோ உளுந்துக்கும் கைநிறையக் கல்லுப்பு அள்ளிப் போடுகிறோம். அது 40 கிராம் என்று வையுங்கள். அந்த மாவில் 65 இட்லி வந்தால் ஒரு இட்லிக்குள் 0.6 கிராம் உப்பு. நான்கு இட்லி சாப்பிட்டால் சட்னியைத் தொடும் முன்பே இரண்டரை கிராம் ஆகிவிட்டது, பாதி நாள் கணக்கு முடிந்தது. 20 கிராம் போட்டால் போதும். மாவு புளிக்க உப்பு தேவையில்லை. சொல்லப்போனால் உப்பு குறைந்தால் கொஞ்சம் சீக்கிரமே புளிக்கும். மதுரை வெயிலில் ஒரு மணி நேரம் முன்னதாகவே பார்த்து ஃபிரிட்ஜில் எடுத்து வையுங்கள். கடை மாவு வாங்குவதாக இருந்தால் உப்பு சேர்க்காத மாவாகக் கேட்டு வாங்குங்கள்.

ஊறுகாயில் எடைக்குப் பத்தில் ஒரு பங்காவது உப்பு இருக்கும். ஒரு டேபிள்ஸ்பூன் வைத்துக்கொண்டால் ஒன்றரை கிராம் போய்விடும். அப்பளத்தில் உப்போடு அப்பளக் காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். மோர்மிளகாய், வடகம், கருவாடு, மிக்சர், பாக்கெட் சூப், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் எல்லாம் இதே வரிசை. இவற்றில் ‘கொஞ்சமாக’ என்று ஒன்று கிடையாது. சாப்பாட்டு மேஜையிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் வெள்ளரிக்காய், கேரட் நறுக்கி எலுமிச்சை பிழிந்து வையுங்கள். மொறுமொறுவென்று ஏதாவது வேண்டும் என்றால் உப்பில்லாமல் வறுத்த வேர்க்கடலை ஒரு சின்னக் கைப்பிடி கொடுக்கலாம், ஆனால் அன்று மாலைச் சுண்டல் வேண்டாம்.

அடுத்து புரதம். டாக்டர் ‘கொஞ்சம் குறையுங்கள்’ என்றது அளவாகச் சாப்பிடச் சொன்னது. இந்தக் கட்டத்தில் ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம் என்று கணக்கு வைப்போம். 68 கிலோவுக்கு 54 கிராம். அதற்கு மேல் போய் ஞாயிறுதோறும் தட்டு நிறைய மட்டன் சாப்பிட்டால் சிறுநீரகத்துக்குச் சுமை. ஆனால் பருப்பும் பாலும் இல்லாமல் வெறும் ரசம் சாதம் என்றால் பாதிகூடத் தேறாது. அப்போது உடம்பு தன் தசையையே கரைத்துக்கொள்ளும். உங்கள் கணவர் இழந்த 3 கிலோவில் தசையும் இருக்கும், அந்த அசதியில் அதற்குப் பங்கு உண்டு. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தால் அடுத்த ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் குறைந்தே காட்டலாம். பத்தியம் பலித்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். சிறுநீரகம் தேறியே இருக்காது.

இனி ஒரு நாள் சமையலை அப்படியே எழுதுகிறேன். புரதக் கணக்கையும் கூடவே சொல்கிறேன், இரண்டு நாள் பார்த்தால் உங்களுக்கே பழகிவிடும்.

காலையில் அரை டம்ளர் பால் கலந்த காபி, 3 கிராம். காலை உணவுக்கு நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி, ஒரு கரண்டி சாம்பார். 10 கிராம் வரும். இட்லிக்குப் பதில் மூன்று தோசை, இடியாப்பம், ரவை உப்புமா, வெண்பொங்கல் எது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பொங்கலில் பருப்பு இருப்பதால் அன்று சாம்பார் தனியாக வேண்டாம், சட்னி போதும். பதினொரு மணிக்கு ஒரு கொய்யா, அல்லது பப்பாளித் துண்டுகள், அல்லது ஒரு சின்ன வாழைப்பழம்.

மதியம் 100 கிராம் அரிசி வடித்த சாதம், 7 கிராம். ஆளுக்கு 25 கிராம் துவரம்பருப்பு வரும்படி சாம்பார், ஐந்தரை கிராம். உங்கள் மூவருக்கும் சேர்த்து 75 கிராம் பருப்பு, ஒரு சின்ன டம்ளரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஒருமுறை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, உங்கள் வீட்டு டம்ளரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பொரியல், ஒரு கீரை அல்லது கூட்டு, இரண்டும் சேர்ந்து 3 கிராம். ஒரு முட்டை, 6 கிராம். கடைசியில் ஒரு டம்ளர் மோர், இரண்டரை கிராம்.

மாலையில் டீ, 3 கிராம். முட்டை சாப்பிடாத நாளில் கூடவே ஒரு சின்னக் கிண்ணம் பாசிப்பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல், பயறாக 25 கிராம் போட்டால் ஐந்தரை கிராம் வரும். முட்டை உண்டென்றால் சுண்டல் இல்லை, சுண்டல் உண்டென்றால் முட்டை இல்லை. இரவில் மூன்று சப்பாத்தியும் காய்கறிக் குருமாவும், 11 கிராம். பழத்தில் வரும் சொச்சத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், 52 கிராம் பக்கம் நிற்கும். ஒரு நாள் இரண்டு மூன்று கிராம் முன்னே பின்னே ஆனால் பரவாயில்லை.

மீன் வாங்கும் நாளில் சுத்தம் செய்த மீன் அவருக்கு 75 கிராம், சிறிய துண்டு இரண்டு. அதில் 15 கிராம் புரதம் வந்துவிடும். அன்று சாம்பார், முட்டை, சுண்டல் மூன்றையும் விட்டுவிட்டு மீன் குழம்பும் ஒரு பொரியலும் வைத்தால் கணக்கு 55க்குள் நிற்கும். கோழியும் இதே அளவுதான். மீன் குழம்பு புளிப்பானது என்பதால் உப்புக் குறைவு தெரியாது. வறுவலுக்கு மசாலாப் பாக்கெட் வாங்காமல் மிளகாய்த்தூளும் எலுமிச்சைச் சாறும் தடவுங்கள். பல பாக்கெட்டுகளில் உப்பைக் கலந்தே வைத்திருப்பார்கள்.

இந்தத் திட்டத்தில் சுமார் 1800 கலோரி இருக்கிறது. அவர் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர் என்றால் போதாது. எடை இன்னும் இறங்கினால் புரதத்தைக் கூட்டாமல் மதியச் சாதத்தில் அரைக் கரண்டி, பொரியலில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், மாலையில் இன்னொரு பழம் என்று சேருங்கள். சாதமும் எண்ணெயும் போதுமான சக்தி கொடுத்தால்தான் சாப்பிட்ட புரதம் தசைக்குப் போகும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் இந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்; அவர்களுக்குச் சாதமும் பழமும் வேறு கணக்கு.

காய்களை வேகவைத்து வடிப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். அது ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியவர்களுக்குச் சொல்வது. இவருக்கு 4.4, 3.5 முதல் 5 வரை இயல்பு. கீரை, முருங்கைக்காய், அவரை, பூசணி, வாழைத்தண்டு, பழம் எதற்கும் இப்போது தடையில்லை. காயும் பழமும் பிரஷரைக் குறைக்க உதவும் உணவுகள், அவற்றை வடித்துக் கொட்டினால் நஷ்டம் நமக்குத்தான். டெல்மிசார்டான் சாப்பிடுவதால் இளநீரைத் தினசரி வழக்கமாக்க வேண்டாம், எப்போதாவது ஒன்று குடிக்கலாம். மாத்திரையின் அளவை டாக்டர் கூட்டினால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பொட்டாசியமும் கிரியாட்டினினும் மறுபடி பார்க்கச் சொல்வார். அப்போது பொட்டாசியம் 5க்கு மேல் வந்தால் எனக்கோ உங்கள் ஊர் உணவியல் நிபுணருக்கோ தெரிவியுங்கள், இந்தப் பத்தியை மாற்றி எழுத வேண்டிவரும்.

சிறுநீரகத்தைக் கழுவ தினம் நான்கு ஐந்து லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்பவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். கனடாவில் சிறுநீரக நோயாளிகளை ஒரு வருடம் கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வைத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. சிறுநீரகம் பழுதாகும் வேகம் அதனால் குறையவில்லை. தாகத்துக்குக் குடிக்கட்டும், நம் ஊர் வெயிலில் இரண்டு இரண்டரை லிட்டர் தானாகவே ஆகிவிடும். வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடலாம். வெறும் வயிற்றில் சாறாகக் குடித்துக் கிரியாட்டினினைக் குறைக்க முடியாது. கிரியாட்டினினை இறக்கும் என்று யார் கொடுக்கும் சூரணமும் கஷாயமும் டாக்டருக்குத் தெரியாமல் உள்ளே போகக் கூடாது. நட்சத்திரப் பழமும் பிலிம்பிக்காய்ச் சாறும் சிறுநீரகத்தை நேரடியாகக் கெடுப்பவை, அவற்றைத் தொடவே வேண்டாம். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளும் அப்படியே. எத்தனை பத்தியம் இருந்தாலும் இந்த மாத்திரைகள் கெடுத்துவிடும்.

உப்பைக் குறைத்து மாத்திரையும் தொடரும்போது பிரஷர் நன்றாக இறங்கும். சிலருக்கு எழுந்து நின்றால் கிறுகிறுப்பு வரும். அப்படி வந்தால் உப்பைக் கூட்டாமல் வீட்டு பிரஷர் அளவுகளோடு டாக்டரைப் பாருங்கள், மாத்திரையை அவர் சரிசெய்வார். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் மட்டும் இந்த உப்புக் கணக்கைத் தள்ளி வையுங்கள். அன்று ஓ.ஆர்.எஸ் கரைசல் கொடுக்க வேண்டும், அன்றைய டெல்மிசார்டானைச் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் ஃபோனில் கேட்டுவிட வேண்டும். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைத் திடீரென்று படுக்க வைத்துவிடலாம்.

உப்பு உண்மையிலேயே குறைந்ததா என்று தெரிந்துகொள்ள வழி உண்டு. புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேல் தேதி எழுதுங்கள். ஒரு கிலோ 80 நாளுக்கு மேல் வந்தால் சமையலறை சரியாகிவிட்டது. அவர் வெளியில் என்ன சாப்பிடுகிறார் என்பது அதில் தெரியாது. அதற்கு 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துச் சோடியம் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. அதில் 100 மில்லிமோல் என்று வந்தால் அவர் சாப்பிட்டது ஏறக்குறைய 6 கிராம் உப்பு. 150க்கு மேல் வந்தால் வேலை செய்யும் இடத்துக் கேன்டீனிலோ டீக்கடை வடையிலோ உப்பு ஏறுகிறது என்று அர்த்தம், மதியச் சாப்பாட்டையும் மாலைச் சுண்டலையும் வீட்டிலிருந்தே கட்டிக் கொடுங்கள்.

வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் எடை பாருங்கள். காலையிலும் இரவிலும் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓய்வெடுத்த பிறகு பிரஷர் பார்த்து எழுதி வையுங்கள். கால் வீங்கினாலும், பசியே எடுக்காமல் போனாலும், சிறுநீரில் நுரை கூடினாலும் மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அந்தப் பரிசோதனைக்குப் போகும்போது கிரியாட்டினினோடு அல்புமின் விகிதத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முந்தின நாள் இரவு கறி விருந்து வேண்டாம், அதுவே கிரியாட்டினினைத் தற்காலிகமாக ஏற்றிக் காட்டிவிடும். ரிப்போர்ட் வந்ததும் புது எடையையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். 54 கிராம் என்பது 68 கிலோவுக்குப் போட்ட கணக்கு, எடை ஏறியிருந்தால் முட்டையையும் சுண்டலையும் ஒரே நாளில் வைக்க இடம் இருக்கும்.